சுவாசத்தின் சரித்திரம் – 9: வாசலோடு திரும்பும் காற்று

பெரியநீலாவணையில் எங்கள் கிணற்றடியில் நின்ற பப்பாசி மரத்தின் இலைக்காம்புதான் எனக்கு வாய்த்த முதலாவது சுவாச உபகரணம். இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, உள்ளே கோறையாக இருக்கும் அந்தக் காம்பின் ஒரு நுனியை வாயிலே கவ்விக்கொண்டு, மறுநுனியை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டியபடி, துறைநீலாவணைப் பக்கத்து வாவியின் முழங்காலளவு தண்ணீரிலே குப்புறக் கிடப்பது அக்காலத்துப் பையன்களின் வித்தைகளில் ஒன்று. என் மாமி மகனான மச்சான் இதிலே எனக்குத் தோற்பதைப் பொறுக்கமாட்டாதவனாய், ஒருநாள் யார் வீட்டுத் தோட்டத்திலிருந்தோ முக்கால் அங்குல இறப்பர்க் குழாயில் ஆறடி நீளம் வெட்டிக்கொண்டு வந்தான். காம்பைவிடக் குழாய் அகலமானது, இழுப்பதற்கும் இலகுவானது. ஆகவே அவன் என்னைவிட நீண்ட நேரம் கிடப்பான் என்றே கரையில் நின்ற எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் இரண்டு நிமிஷங்கூட ஆகுமுன் அவன் முகம் சிவக்க எழும்பி, நெஞ்சு படபடக்க மூச்சு வாங்கினான். தோணியிலே வலையை உதறிக்கொண்டிருந்த மாமா ஒருவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: "இழுக்கிறத்த வாயால இழு, உடுறத்த மூக்கால உடு மனே!"

மச்சான் அப்படியே செய்தான், கிடந்தான், வென்றான். ஏன் என்று அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரிந்திருக்குமென்று நான் நினைக்கவில்லை. பல ஆண்டுகளின் பின் உடற்றொழிலியற் புத்தகமொன்றைப் படிக்கும்போதே, அந்த இறப்பர்க் குழாய்க்குள் ஏறத்தாழ அரை லீற்றர் காற்றுக்கு இடமிருந்தது என்பதையும், பப்பாசிக் காம்புக்குள் ஐம்பது மில்லிலீற்றருக்கும் இடமில்லை என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். வாயால் இழுத்து வாயாலேயே விட்டபோது, மச்சான் விட்ட கெட்ட காற்று குழாயை நிரப்பிக்கொண்டு நின்றது. அடுத்த மூச்சிலே அவன் இழுத்தது அதே காற்றைத்தான். மூக்கால் விட்டதும் கெட்ட காற்று குமிழி குமிழியாய் வாவிக்குள் போய்விட, குழாய்க்குள் எப்பொழுதும் புதுக்காற்றே நின்றது. குழாயின் நீளமும் அகலமும் மாறவில்லை. ஒரே வழியால் போய் அதே வழியால் திரும்புவது மாத்திரமே நின்றுபோயிற்று. இந்த இதழின் விஷயம் முழுவதும் அந்தப் போக்குவரத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மனித தேகத்திலும் அத்தகைய ஒரு குழாய் உண்டு. மூக்கு, தொண்டை, வாதனாளி, அது கிளைத்துக் கிளைத்துச் சிறுத்துப்போகும் சுவாசக் குழாய்கள் ஆகிய இவையெல்லாம் காற்றைக் கொண்டுபோகும் பாதைகளேயன்றி, குருதியோடு காற்றைப் பரிமாறும் ஸ்தானங்கள் அல்ல. பரிமாற்றம் நடப்பது அந்தக் கிளைகளின் அந்தத்திலுள்ள சிற்றறைகளில். ஒரு மூச்சில் நாம் இழுக்கும் 500 மில்லிலீற்றரில், கடைசியாக உள்ளே வரும் 150 மில்லிலீற்றர் அளவானது பாதையிலேயே நின்றுவிட்டு, வெளிமூச்சில் முதலாவதாகத் திரும்பிப் போய்விடுகிறது. வாசல் வரை வந்து, வீட்டாரைக் காணாமல் திரும்பும் விருந்தாளியின் கதி. இந்த இடத்துக்கு ஜெர்மானியர் பம்பு உருளைகளின் பாஷையிலிருந்து 'தீங்கான இடம்' என்ற பெயரைக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தைப் பின்பற்றிய நமது பாடநூல்கள் 'இறந்த வெளி' என்கின்றன. உயிருள்ள தேகத்தின் நடுவிலே இறந்த வெளி என்று சொல்வது எனக்கு உவப்பாயில்லை. ஆனால் வழக்கில் வந்துவிட்ட சொல்லோடு மல்லுக்கு நிற்பதில் பிரயோஜனமுமில்லை. மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கத் தொடங்கிய காலத்தில் இந்தக் கருத்தே உருவாகியிருக்கவில்லை. இதைச் சமன்பாடாக்கியவர் பிறந்ததே 1855இல். இல்லாவிட்டால் நமக்கு இதைவிட நல்ல சொல்லொன்று கிடைத்திருக்கக்கூடும்.

அவர் பெயர் கிறிஸ்தியன் போர். கொப்பன்ஹேகன் சர்வகலாசாலையின் உடற்றொழிலியலாளர். பிற்காலத்தில் அணுவின் அமைப்பினால் உலகப் பிரசித்தி பெற்ற நீல்ஸ் போரின் தந்தை. தமிழிலே அவர் பெயர் யுத்தமென்று பொருள்படுவது தற்செயலேயாயினும், அவர் விட்டுச்சென்ற சமன்பாட்டைச் சுற்றி ஒரு யுத்தம் நடந்ததும் உண்மையே. 1891இல் அவர் எழுதிய நியாயம் மிகவும் எளியது. கோப்பையொன்றில் பாதி பாலும் பாதி தண்ணீரும் கலந்திருந்தால், கலவையின் அடர்த்தியைப் பார்த்தே எவ்வளவு தண்ணீர் சேர்ந்ததென்று பாற்காரரைப் பிடித்துவிடலாமல்லவா? வெளிமூச்சும் அத்தகைய கலவையே. சிற்றறையிலிருந்து வரும் பகுதியில் காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கிறது. பாதையிலிருந்து திரும்பும் பகுதியில் அது இல்லையென்றே சொல்லலாம். ஆகையால், சிற்றறையிலுள்ள காபனீரொட்சைட்டின் அமுக்கத்திலிருந்து, முழு வெளிமூச்சையும் ஒரு பையிலே சேர்த்துக் கலக்கியபின் காணும் அமுக்கத்தைக் கழித்து, மீதியைச் சிற்றறை அமுக்கத்தால் வகுத்தால், மூச்சின் எத்தனையிலொரு பங்கு வீணாயிற்று என்பது வந்துவிடும். ஆரோக்கியமான ஒருவரின் சிற்றறையில் 40 மில்லிமீற்றர் இரச அமுக்கமும், பையிலே 28உம் இருந்தால், 12ஐ 40ஆல் வகுக்க, பத்தில் மூன்று பங்கு. 500 மில்லிலீற்றர் மூச்சிலே 150.

சமன்பாட்டில் குற்றமில்லை. குற்றமெல்லாம், 'சிற்றறையிலுள்ள அமுக்கம்' என்ற இரண்டு சொற்களுக்குள் ஒளிந்திருந்தது. சிற்றறைகள் கோடிக்கணக்கானவை, அவற்றுள் எதன் காற்றை, எந்தக் கணத்தில், எப்படி எடுப்பது?

சிலர் அந்தக் கேள்வியையே தவிர்த்து, பாதையை நேரடியாக அளந்துவிட முயன்றார்கள். 1894இல் லோவி என்பவர் ஒரு பிரேதத்தின் சுவாசப் பாதைக்குள் சாந்து வார்த்து, இறுகியபின் அதன் கனவளவை அளந்து, ஏறத்தாழ 140 மில்லிலீற்றர் என்று கண்டார். ஆச்சரியமென்னவென்றால், இன்றைய நுண்கருவிகள் சொல்வதும் அதற்குச் சமீபமான எண்ணையே. ஆனால் சாந்துக்கு மூச்சில்லை. உயிருள்ளவரின் பாதை மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும்.

கேள்வியை நேரே சந்தித்தவர் ஒக்ஸ்போர்டின் ஜோன் ஸ்கொட் ஹோல்டேன். 1905இல் அவரும் பிரீஸ்ட்லியும் கையாண்ட உபாயம் எங்கள் வாவி வித்தைக்குத் தூரத்து உறவு: நாலடி நீளமான ஓர் இறப்பர்க் குழாய்க்குள் வேகமாகவும் ஆழமாகவும் ஊதிவிட்டு, ஊதி முடிந்த கணத்திலே வாய்த்துளையை நாக்கினால் அடைத்துக்கொள்ளவேண்டும். கடைசியாக வெளிவந்த காற்று வாய்க்குப் பக்கத்திலே நிற்கும். அங்கேயுள்ள சிறு துளையினூடாக மாதிரி எடுத்தால் அது சிற்றறைக் காற்று. ஓய்விலிருக்கும் மனிதரிடம் இது திறமாக வேலை செய்தது. ஆனால் ஓடியாடும் மனிதரிடம் அதைப் பிரயோகித்தபோது, இறந்த வெளி பலமடங்கு பெருகுகிறதென்று 1912இல் ஹோல்டேனும் டக்ளஸும் அறிவிக்க, போரின் மாணாக்கரான ஔகுஸ்த் குரோக், லிண்ட்ஹார்டுடன் சேர்ந்து, அது சிறிதளவே பெருகுமென்று மறுத்தார். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. இரு பக்கத்தாரும் நேர்மையாகவே அளந்தார்கள்; எண்கள் வேறாயின. உழைக்கும் தேகத்திலே சிற்றறைக்குள் காபனீரொட்சைட்டு இடைவிடாது கொட்டிக்கொண்டிருப்பதால், நீண்ட வெளிமூச்சின் கடைசித் துளியானது சராசரிச் சிற்றறைக் காற்றைவிடச் செறிவு கூடியதாக இருக்கும்; அதைச் சராசரியென்று கொண்டு கழித்தால், வித்தியாசம் பெருத்து, இல்லாத வெளியொன்று கணக்கிலே முளைத்துவிடும். பாலின் மேலாடையை எடுத்து அதுதான் பாலென்று சாதித்து, பாற்காரர்மீது பழிபோட்டது போல.

பாதையின் அளவு ஐயமறத் தெளிந்தது 1948இல், அமெரிக்கரான வோர்ட் பௌலர் நைதரசனைக் கொண்டு அளந்தபோதுதான். அவர் முறையிலே ஒருவர் சுத்த ஒட்சிசனை ஒரே ஒரு மூச்சு இழுத்து, மெதுவாக விடுவார். விடும் காற்றின் நைதரசனைக் கணத்துக்குக் கணம் காட்டும் மானி முதலில் பூச்சியத்தில் நிற்கும், ஏனெனில் அது பாதையிலே தங்கிய வெறும் ஒட்சிசன். பிறகு விறுவிறென்று ஏறும். பிறகு மேட்டு நிலம் போலச் சமப்படும், அது சிற்றறைக் காற்று. ஏறும் சரிவை இரு பக்கமும் சமமாகப் பிரிக்கும்படி ஒரு நேர்கோடு வரைந்தால், அக்கோட்டுக்கு முன்னே வெளிவந்த கனவளவே பாதையின் அளவு. இதுவே உடற்கூற்று இறந்த வெளி. இது ஆளின் பருமனோடு ஒத்துப்போகும். இறாத்தலுக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது வைத்தியர்கள் இன்றும் கைக்கொள்ளும் குத்துமதிப்பு. கழுத்தை நீட்டினால் கூடும், நாடியை நெஞ்சிலே பதித்தால் குறையும். ஏனெனில் அதில் ஏறத்தாழப் பாதி தொண்டைக்கு மேலேயே இருக்கிறது.

இந்தப் பாதை மூச்சின் பலனை எவ்விதம் பாதிக்கிறதென்பதற்கு ஒரு கணக்குப் போதும். நிமிஷத்துக்கு 12 தடவை 500 மில்லிலீற்றர் வீதம் சுவாசிப்பவர் ஆறு லீற்றர் காற்றை ஆள்கிறார். மூச்சுக்கு 150 பாதைக்குப் போக, சிற்றறைக்குச் சேர்வது 4.2 லீற்றர். அதே ஆறு லீற்றரை, தசை சோர்ந்த ஒருவர் 200 மில்லிலீற்றராக 30 தடவை இழுத்தாலோ, மூச்சுக்கு 50தான் மிஞ்சும். சிற்றறைக்குச் சேர்வது ஒன்றரை லீற்றர். பாதையின் வரி மூச்சுக்கு இவ்வளவென்று விதிக்கப்படுவது. மூச்சின் பருமனைப் பார்ப்பதில்லை. சிறு வியாபாரிக்கும் பெரு வியாபாரிக்கும் ஒரே தொகை இறுக்கும் சந்தை வரியைப்போல, சிறு மூச்சையே அது கொல்லும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ, நோயாளி வேகமாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறார் என்றே தோன்றும்.

1952ஆம் ஆண்டின் கோடையில், போரின் அதே கொப்பன்ஹேகனிலே, பிளெக்டாம் வைத்தியசாலையில் இந்தக் காட்சிதான் கட்டிலுக்குக் கட்டில் நிகழ்ந்தது. இளம்பிள்ளைவாதம் நகரைப் பீடித்திருந்தது. சுவாசத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்தவர்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்கள். கையிலிருந்ததோ ஓர் இரும்பு நுரையீரலும், மார்புக் கவச யந்திரங்கள் ஆறும். யந்திரத்தில் இடப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் மாண்டனர். அவர்களது குருதியில் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு உயர்ந்திருந்ததைக் கண்டு, அது ஏதோ காரத்தன்மை மிகுதியால் வந்த விகாரமென்று வைத்தியர்கள் கருதினார்கள். பியோன் இப்சன் என்ற மயக்க மருந்து வைத்தியர் வந்து பார்த்து, அது காரமல்ல, வெளியேற வழியின்றித் தேங்கிய காபனீரொட்சைட்டே என்றார். ஆகஸ்ட் 27ஆந் திகதி, பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் தொண்டைக்குக் கீழே வாதனாளியைத் துளைத்துக் குழாயிடச் செய்து, இறப்பர்ப் பையைக் கையினால் அமுக்கி ஆழ்ந்த மூச்சுகளைக் கொடுத்தார், அவள் பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு மாணாக்கர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாக, நோயாளிகளின் கட்டிலருகே அமர்ந்து பைகளை அமுக்கினார்கள். வாதனாளியிலே துளையிட்டதன் முதல் நோக்கம் சளியும் உமிழ்நீரும் நுரையீரலுக்குள் இறங்காமற் காப்பதும், காற்றுக் கசியாமல் அடைப்பதுமே. ஆயினும் தொண்டைக்கு மேற்பட்ட பாதை விலக்கப்பட்டதனால் பாதையின் வரியும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒவ்வோர் அமுக்கலும் ஆழ்ந்த மூச்சாயிருந்ததனால் அந்த அரைவரியும் அற்பமாயிற்று.

இவ்வளவும் பாதையைப் பற்றியது. ஆனால் பாதையைத் தாண்டிச் சிற்றறைக்குள் புகுந்துவிட்ட காற்றெல்லாம் பயன்பட்டுவிடும் என்று யார் உறுதி சொன்னார்? வீட்டுக்குள் நுழைந்த விருந்தாளிக்கு வீட்டிலே ஆளில்லாவிட்டால் என்ன செய்வது? இதைக் கணக்கில் கொண்டுவந்தவர் உப்சாலாவின் ஹென்றிக் எங்ஹொப். 1938இல் 'பயனற்ற கனவளவு' என்று பொருள்படும் இலத்தீன் தலைப்பில் அவர் எழுதிய கட்டுரையில் போரின் சமன்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரேயோர் எண்ணை மாற்றினார்: சிற்றறைக் காற்றைத் தேடி அலையாமல், நாடிக்குருதியின் காபனீரொட்சைட்டு அமுக்கத்தை அந்த ஸ்தானத்தில் இட்டார். சிற்றறையோடு உண்மையிலே பேசிவிட்டு வந்தது குருதிதானே. அது சொல்லும் எண், வேலைசெய்யும் சிற்றறைகளின் எண் என்பது அவர் நியாயம். இவ்வாறு வரும் தொகையே உடற்றொழிலியல் இறந்த வெளி. ஆரோக்கியமானவரிடம் இதுவும் உடற்கூற்று வெளியும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவேதான் இவை இரண்டு வேறு வஸ்துக்கள் என்பது நீண்ட காலம் எவருக்கும் உறைக்கவில்லை.

அவை பிரியும் இடத்தைக் காண, ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கால் எலும்பு முறிந்து பல நாள் படுக்கையில் கிடந்தவர். காலின் நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து இதயத்தைக் கடந்து, நுரையீரல் நாடியின் பெருங்கிளைகளை அடைத்துவிட்டது. காற்றுப் பாதையில் எத்தடையுமில்லை. காற்று வழமைபோல எல்லாச் சிற்றறைகளுக்கும் போகிறது. அடைபட்ட கிளைகளின் பக்கத்துச் சிற்றறைகளைச் சுற்றியுள்ள மயிர்க்குழாய்களில் மாத்திரம் குருதியில்லை. அவர் மூச்சுக்கு 500 மில்லிலீற்றர் வீதம் நிமிஷத்துக்கு 24 தடவை, அதாவது 12 லீற்றர், வாங்குகிறார். பையிலே சேர்த்த வெளிமூச்சின் அமுக்கம் 14. வெளிமூச்சின் கடைசித் துளியிலே 20. மணிக்கட்டு நாடியிலிருந்து எடுத்த குருதியிலே 35.

கடைசித் துளியைச் சிற்றறையென்று கொண்டு போரின் வழியில் கணக்கிட்டால், 20இலிருந்து 14ஐக் கழித்து 20ஆல் வகுக்க, பத்தில் மூன்று, 150 மில்லிலீற்றர். பாதை சுகமாயிருக்கிறது, யாதொரு குறையுமில்லை. எங்ஹொப்பின் வழியில் கணக்கிட்டால், 35இலிருந்து 14ஐக் கழித்து 35ஆல் வகுக்க, பத்தில் ஆறு, 300 மில்லிலீற்றர். இரண்டுக்கும் இடையிலுள்ள 150 மில்லிலீற்றரும் சிற்றறை வரை போய், அங்கே குருதியைக் காணாமல் திரும்பிய காற்று. பயனுள்ள சிற்றறைக் காற்றோட்டம் மூச்சுக்கு 200, நிமிஷத்துக்கு 4.8 லீற்றர். சுகதேகி ஆறு லீற்றர் வாங்கி 4.2 பெற்றார்; இவரோ பன்னிரண்டு வாங்கி அதைவிடச் சிறிதே கூடப் பெறுகிறார். மூச்சுத் திணறலுக்கு அந்த இரட்டிப்பு உழைப்பும் ஒரு காரணம். பாதையின் வரியை ஆழ்ந்த மூச்சினால் சமாளிக்கலாம் என்று முன்னே சொன்னேன். இந்த இரண்டாவது வரி அப்படி ஏமாறுவதல்ல. மூச்சை ஆழமாக்கினால், குருதியில்லாத சிற்றறைகளும் தம் பங்கைப் பெருக்கிக்கொள்ளும்.

எங்ஹொப்பின் எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. காற்றே புகாத சிற்றறைகளின் வழியே சுத்தியடையாமல் நழுவிவரும் குருதியும் நாடியில் வந்து கலந்து, அதன் காபனீரொட்சைட்டைச் சற்றே உயர்த்திவிடுகிறது. சமன்பாடு அதையும் இறந்த வெளியென்றே எழுதிவைக்கும். ஆதலால் உடற்றொழிலியல் வெளி என்பது நுரையீரலுக்குள் விரல் வைத்துக் காட்டத்தக்க இடமல்ல. கணக்கினால் வரும் ஒரு தொகை. பாதைக்குள் லோவி சாந்து வார்த்தது போல, இதற்குள் வார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்றைய சத்திரசிகிச்சை மண்டபத்தில் வெளிமூச்சின் கடைசித் துளியைத் திரையிலே காட்டும் மானி பெரும்பாலும் மயக்க யந்திரத்தோடு இருக்கிறது. நாடிக்குருதியை எடுப்பதோ ஊசி குத்தும் வேலை. நாம் கற்பனை செய்த அதே நோயாளி சுவாச யந்திரத்தில் கிடக்கிறார் என்றும், திரையில் 20 என்று தெரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இயல்பான எண் 40இன் அயல் என்பதால், காற்று மிதமிஞ்சிக் கொடுக்கப்படுகிறதென்று நினைத்து, ஒருவர் மூச்சின் தொகையை 24இலிருந்து 12ஆகக் குறைத்துவிடலாம். பயனுள்ள காற்றோட்டம் 2.4 லீற்றராகும். காபனீரொட்சைட்டு மெல்ல மெல்லத் தேங்கி, திரையின் எண் 20இலிருந்து ஏறி, 40இல் வந்து அழகாக நிற்கும். எல்லாம் சீராயிற்று என்று அவர் கையைக் கழுவிக்கொண்டு திரும்பும் அந்த வேளையில், மணிக்கட்டு நாடியிலே ஓர் ஊசியை ஏற்றிப் பார்த்தால், அங்கே 70 இருக்கும்.

(அடுத்த இதழில்: காற்றுப் புகாத சிற்றறையும் நழுவிவரும் குருதியும்)